மூலம் ஏன் திரும்பி வருகிறது?



மூலநோயைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தலைவலி என்றால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிறோம். மூலம் என்றால் மனைவியிடம் கூடச் சொல்லத் தயங்குகிறோம். சிகிச்சை செய்துகொண்டு குணமான பிறகு அது மறுபடியும் வந்துவிட்டால், வெட்கத்தோடு ஒரு கோபமும் சேர்ந்துகொள்கிறது. "ஆஸ்பத்திரியில் சரியாகப் பார்க்கவில்லை" என்றோ, "வேரோடு எடுக்காமல் விட்டுவிட்டார்கள்" என்றோ நினைத்துக்கொண்டு, அதன் பிறகு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுகிறோம். கோலா கெடாவிலிருந்து கூலிம் வரை, தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இப்படிச் சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்று அவர்களில் ஒருவருடைய கதையை வைத்துக்கொண்டே பேசலாம் என்று நினைக்கிறேன்.

அவருக்கு அப்போது வயது 47. சுங்கை பட்டாணிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணிக்குப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நீண்ட கம்பத்தில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து, குலையைத் தள்ளி, அதைத் தூக்கிக் கைவண்டியில் போட்டுச் சாலை ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவருக்கு மலம் கழிக்கும்போது சொட்டுச் சொட்டாக இரத்தம் போனது. சதை ஒன்று வெளியே வந்து, கையால் தள்ளினால்தான் உள்ளே போனது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை ரப்பர் வளையம் போட்டார்கள். இரத்தம் நின்றது, சதையும் உள்ளே அடங்கியது. பத்து மாதம் சுகமாக இருந்தார். பிறகு ஒரு தீபாவளி முடிந்த வாரத்தில், கழிவறையில் மறுபடியும் இரத்தம்.

என்னிடம் வந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது இதுதான்: "டாக்டர் ஐயா, வேரோடு எடுத்துவிட்டோம் என்றுதானே நினைத்தேன். மறுபடி எப்படி முளைத்தது?"

அவர் கேட்டதிலேயே தவறு ஒளிந்திருக்கிறது. மூலம் என்பது வேர்விட்டு முளைக்கும் ஒரு பொருள் அல்ல. நம் எல்லாருக்கும், பிறந்த குழந்தை உட்பட, ஆசனவாயின் உள்ளே மெத்தை போன்ற மூன்று சதைப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் சிறு இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். வாயுவும் நீரும் தானாகக் கசிந்துவிடாமல் ஆசனவாய் மூடியிருக்க அவை உதவுகின்றன. 1975-ஆம் ஆண்டில் தாம்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்த மெத்தைகளை விரிவாக ஆராய்ந்து, இவை நோயல்ல, உடம்பின் இயல்பான உறுப்பு என்று விளக்கினார். இவற்றைத் தாங்கிப் பிடித்திருக்கும் இழைகள் தளர்ந்து, மெத்தை கீழே சரிந்து, வீங்கி, இரத்தம் கசியும்போதுதான் அதை மூலநோய் என்கிறோம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். டயர் ஓரிடத்தில் நைந்துபோனால், உள்ளேயிருக்கும் டியூப் அந்த வழியாகப் பிதுங்குகிறது. டியூப் கெட்ட பொருளல்ல, அது இல்லாமல் சைக்கிள் ஓடாது. பிதுங்கிய இடத்தைச் சரிசெய்கிறோம். ஆனால் அதே நைந்த டயரில் அதே பாரத்தை ஏற்றி, அதே குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினால், அந்த இடத்திலோ பக்கத்திலோ மறுபடியும் பிதுங்கத்தான் செய்யும்.

ரப்பர் வளையம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் பால்மரத்தோடு உறவுள்ள விஷயம் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. 1963-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மருத்துவர் பாரன் இந்த முறையைப் பரவலாக்கினார். ஒரு சிறு கருவியால் சரிந்த மெத்தையின் மேற்பகுதியை இழுத்து, அதன் கழுத்தில் மிகச் சிறிய ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லை. அதனால் மயக்க மருந்து தேவைப்படாது. ஒரு இறுக்கமும், மலம் வருவது போன்ற உணர்வும் ஓரிரு நாள் இருக்கும். இரத்த ஓட்டம் இல்லாமல் அந்தத் துண்டு வாடி, ஐந்து முதல் பத்து நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் தழும்பு உண்டாகி, மீதியுள்ள மெத்தையை மேலே ஒட்டவைக்கும். (ரப்பர் கையுறை போட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். ரப்பர் பால் கலக்காத வளையங்களும் உண்டு.)

கவனியுங்கள். தளர்ந்த ஒரு பகுதி போயிற்று. மெத்தைகள் அங்கேதான் இருக்கின்றன. இன்று வளையம் போட்டது ஒன்றுக்கு, மற்ற இரண்டும் நாளை சரியலாம். அதைவிட முக்கியம், அவற்றைக் கீழே தள்ளிய விசையை வளையம் தொடவே இல்லை. இறுகிய மலமும், அதை வெளியேற்ற மூச்சை அடக்கி முக்குவதும், கழிவறையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும்தான் அந்த விசை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அதையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

எனவே திரும்பி வருவது அபூர்வமல்ல. பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு முறை ரப்பர் வளையம் போட்டவர்களில் நூற்றுக்கு 49 பேருக்கு ஓராண்டுக்குள் தொல்லை மீண்டும் இருந்தது. தேவைப்பட்டபோது மறுபடியும் வளையம் போடுவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்த எண் ஏறக்குறைய 37 ஆகக் குறைந்தது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டாம் முறை வளையம் போடவேண்டி வந்தால் அது தோல்வியல்ல என்பதுதான் இதன் பொருள். அதை எதிர்பார்த்தே சிகிச்சையைத் தொடங்குகிறோம். இந்த உண்மையை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும். பல நேரங்களில் நாங்கள் அதைச் சொல்வதில்லை. அது எங்கள் குறை.

அறுவை செய்து நீக்கினால் திரும்புவது குறைவு. ஆனால் வலி அதிகம். குலை தூக்குகிறவர் சில வாரங்கள் வேலைக்குப் போக முடியாது. சதை எப்போதும் வெளியிலேயே தொங்குகிறவர்களுக்கும், பல முறை வளையம் போட்டும் அடங்காதவர்களுக்கும் அது சரியான வழி. மற்றவர்களுக்கு முதல் வழி அல்ல. அறுவைக்குப் பிறகும் முக்கும் பழக்கம் தொடர்ந்தால், மிச்சமுள்ள பகுதி சரிய இடமுண்டு.

நம் நண்பரிடம் திரும்புவோம். "வளையம் போட்ட பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். கொடுத்த மாத்திரையை முடித்தார். ஆஸ்பத்திரியில் தந்த நார்ப்பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தார். ஒரு மாதத்தில் இரத்தம் நின்றது. பொடியும் தீர்ந்தது. "நோய் போய்விட்டது, இனி எதற்குப் பொடி என்று விட்டுவிட்டேன்" என்றார்.

மூலம் திரும்புவதற்கு நான் காணும் காரணங்களில் இதுதான் முதலாவது. இரத்தம் நிற்பது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் என்று நினைக்கிறோம். நார் சேர்ந்ததால் மலம் இளகியது, மலம் இளகியதால் இரத்தம் நின்றது. நாரை நிறுத்தினால் மலம் பழையபடி இறுகும். வீங்கிய இரத்தக் குழாய்களை அடக்கக் கொடுக்கும் மாத்திரைகளும், பூசும் களிம்பும் அப்படித்தான். அவை வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கும், மலத்தை இளக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் பூசினால் அங்கே தோல் மெலிந்துபோகும்.

அவர் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதிப் பார்த்தோம். காலையில் இரண்டு ரொட்டி சானாய், மேலே தண்ணீராக ஊற்றிய பருப்புக் கறி, ஒரு தே தாரேக். மத்தியானம் வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, இரண்டு கரண்டி கோஸ். இரவில் மீண்டும் சோறு, சில நாள் மீ கோரெங். வயிறு நிறையச் சாப்பிட்டார், குறையொன்றுமில்லை. ஆனால் அதிலிருந்த நார்ச்சத்து முழுவதையும் கூட்டினால் பத்து கிராம் அளவுக்குத்தான் வந்தது. மலேசியாவில் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்ட அளவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம். ஒரு பெரிய தட்டு வெள்ளைச் சோற்றில்கூட நார் மிகக் குறைவு. மீனிலும் இறைச்சியிலும் முட்டையிலும் நார் கிடையாது.

நார் என்றால் வாழைத்தண்டில் தெரிகிற நூல் மட்டும் அல்ல. குடலில் செரிக்காமல் நின்று, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் எல்லாப் பகுதியும் நார்தான். அந்தத் தண்ணீர்தான் மலத்தை இளக்குகிறது. மூலமுள்ளவர்களிடம் நார் கொடுத்து நடத்திய ஏழு ஆய்வுகளை, மொத்தம் 378 பேர், 2005-ஆம் ஆண்டில் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நார் எடுத்தவர்களுக்கு இரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் இரண்டு நாளில் நடக்கும் காரியம் அல்ல இது. ஆறு வாரமாவது விடாமல் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பயன் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அவர் மனைவியும் கூட வந்திருந்தார். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். சமையல் அவர் கையில் என்பதால் கணக்கை அவரிடமே சொன்னேன். முதலில் ஒரே ஒரு மாற்றம். இரவில் பாசிப்பயற்றை ஊறவைத்து, காலையில் வேகவைத்து, ஒரு ரொட்டி சானாய்க்குப் பதிலாக அரைக் கிண்ணம். அதில் ஆறு ஏழு கிராம் நார் உண்டு. ஒரு வாரம் அது மட்டும். இரண்டாம் வாரம் மத்தியானச் சோற்றோடு ஒரு சிறு கிண்ணம் கீரை, முருங்கையோ கங்குங்கோ எது கிடைக்கிறதோ அது. இரண்டு கிராம். மூன்றாம் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நடுத்தரக் கொய்யா முழுதும், விதையோடு. ஐந்து கிராம் கிடைக்கும். பழைய பத்தோடு கூட்டினால் 23 கிராம் ஆகிவிட்டது. இதில் எதுவும் விலைகூடிய பொருளில்லை. கொய்யா அவர்கள் லயத்துக்குப் பின்னாலேயே காய்த்துக்கொண்டிருந்தது.

ஏன் வாரத்துக்கு ஒன்றாக என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, வாயு திரண்டு, மூன்றாம் நாளே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவோம். குடலுக்குப் பழக நாள் வேண்டும்.

சாப்பாட்டில் குறைகிற நாளுக்கு இசப்கோல் உமி இருக்கிறது. இந்தியப் பலசரக்குக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய ஐந்து கிராம், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து, கட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும். அதன் மேல் இன்னொரு தம்ளர் தண்ணீர். வாயில் உமியைப் போட்டுக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது ஆபத்து, தொண்டையில் வீங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இந்தியாவில் டாக்டர் பங்கஜ் கார்க் என்ற அறுவை மருத்துவர் இதைவிட அதிக அளவில், நாளொன்றுக்கு ஐந்தாறு தேக்கரண்டி உமியும் அதற்கேற்ற தண்ணீரும் கொடுத்து, முற்றிய மூலமுள்ள பலருக்கும் அறுவையைத் தவிர்க்க முடிந்தது என்று 2017-இல் எழுதினார். அந்த அளவுக்குப் போவதென்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் சேர்த்தால் காரியம் தலைகீழாகிவிடும். குலை வெட்டுகிறவருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் காலை பத்து மணிக்குள் சட்டை நனைந்துவிடுகிறது. இவர் ஒரு சிறு போத்தல் தண்ணீரோடு போய், பாதியைத் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தார். ஒன்றரை லிட்டர் போத்தலாக மாற்றி, வீடு திரும்பும்போது அது காலியாக இருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். சிறுநீரின் நிறம் வெளிறி இருந்தால் தண்ணீர் போதும். கோப்பி ஓ நிறத்துக்கு நெருங்கினால் போதாது. இருதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் தண்ணீர் அளவைத் தங்கள் டாக்டர் சொன்னபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரியாகத்தான் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மலத்தைப் பார்த்துத்தான். அருவருப்பாக எண்ண வேண்டாம். 1997-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்து வெளியிட்ட ஒரு அட்டவணை இருக்கிறது. உலகெங்கும் டாக்டர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆட்டுப் புழுக்கை போல இருந்தால் முதல் வகை, முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து வந்தால் இரண்டாம் வகை. இரண்டும் இறுகிய மலம். பழுத்த வாழைப்பழம் போல வழுவழுப்பாக, முக்காமல் வந்தால் நான்காம் வகை. அதுதான் நமக்கு வேண்டியது. புழுக்கையாக இரண்டு நாள் தொடர்ந்தால், இரத்தம் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே இசப்கோலையும் தண்ணீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் நண்பர் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அவரைக் காப்பாற்றியது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கழிவறை. காலை ஐந்து மணிக்கு எழுந்தவுடன், வருகிறதோ இல்லையோ, பெரட்டுக்கு நேரமாகிறதே என்று போய் உட்கார்ந்து, மூச்சை அடக்கி முக்கி, இருபது நிமிடம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி உட்கார்ந்திருக்கும்போது அடியில் தாங்கல் இல்லாமல் அந்த மெத்தைகளில் இரத்தம் இறங்கித் தேங்குகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 125 பேரைக் கேட்டு 2025-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கழிவறையில் கைத்தொலைபேசி பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான், தொலைபேசியே காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் அதைப் பார்க்கிறவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயற்கை. அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி சொன்னேன். எழுந்தவுடன் ஒரு தம்ளர் வெந்நீர், பிறகு பசியாறல், அதன் பிறகு கழிவறை. அதற்காகக் கால் மணி நேரம் முன்னதாக எழ வேண்டியிருந்தது. முதலில் முணுமுணுத்தார். உட்கார்ந்து மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும், உணர்வு வரும்போது மறுபடி போகலாம். தொலைபேசி வெளியே. குந்தி உட்காரும் கழிவறை உள்ளவர்களுக்கு மலம் இறங்க வசதி உண்டு. நாற்காலி போன்ற கழிவறை என்றால், காலுக்குக் கீழே ஒரு சிறு பலகையை வைத்து முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்திக்கொண்டால் அதே வசதி கிடைக்கும்.

இங்கே நம் தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் மத்தியானம்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிவிடும், மாலையில் அது கல்லாக வரும். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் பாதிதான். வேலை இடத்துக்குப் பக்கத்தில் மறைவான கழிவறை வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்பது மீதிப் பாதி. பிள்ளை பெற்ற பிறகு மூலத்தோடு வருகிற பெண்களில் பலர் இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரை மலத்தை இறுக்கும், இறுகினால் மூலத்தில் இரத்தம் போகும், போனால் சோகை கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார்கள், மலம் இளக மருந்தும் சேர்த்துத் தருவார்கள்.

பாரம் தூக்குவதைப் பற்றி நண்பர் கவலையோடு கேட்டார். வேலையை விட்டுவிட முடியுமா? முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. குனியாமல் முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கப் பழகினால் அழுத்தம் குறையும். வளையம் போட்ட பிறகு ஓரிரு வாரம், அது உதிரும் நாள்களில், பாரம் தூக்காமலிருக்க எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு டாக்டரிடம் தொழிலைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

"எல்லாம் உடம்புச் சூடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சூடு என்று அவர்கள் சொல்கிற நாள்களைக் கவனித்தால், தண்ணீர் குறைந்து மலம் இறுகிய நாள்களாகத்தான் இருக்கும். எனவே அவர்கள் கவனித்தது பொய்யல்ல. காரம் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே புண்ணோ வெடிப்போ இருந்தால் எரிச்சல் தரும், அவ்வளவுதான். கருணைக்கிழங்கும் துத்திக் கீரையும் சமைத்துச் சாப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலும் நார் இருக்கிறது. எனக்குப் பயம் தருவது, "ஒரே ஊசியில் மூலம் வேரோடு போகும்" என்று விளம்பரம் செய்து, பதிவு பெறாதவர்கள் வீட்டு அறையில் போடுகிற ஊசியும், கட்டுகிற மருந்தும்தான். அதனால் சதை அழுகி, ஆசனவாய் குறுகிப்போனால் பிறகு சரிசெய்வது பெரும் சிரமம்.

நண்பருக்கு மறுபடியும் வளையம் போடுவதற்கு முன், குடலைக் குழாய்க் கேமரா மூலம் பார்க்க அனுப்பினேன். "மூலம்தான் என்று தெரிந்ததே, இது எதற்கு?" என்றார். ஒரு முறை மூலம் என்று முடிவானவருக்கு அடுத்த முறை வரும் இரத்தமும் மூலத்திலிருந்துதான் வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெருங்குடல் புற்றுநோயும் இரத்தமாகத்தான் காட்டும். மூலம் என்று எண்ணிக்கொண்டு களிம்பு பூசிக்கொண்டிருந்து காலம் கடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்தம் கறுத்து மலத்தோடு கலந்து வருவது, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. அது எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு. இரத்தம் கண்ணுக்கே தெரிகிறவர்கள் அதற்குக் காத்திராமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

அவருடைய குடல் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வளையம் போட்டார்கள். ஏழாம் நாள் வளையம் உதிர்ந்தபோது கொஞ்சம் இரத்தம் வந்தது. அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் பயப்படவில்லை. அந்த நாள்களில் கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, இரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வளையம் போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு முறை இரத்தம் தலைகாட்டியது. முதல் முறை, பினாங்கில் உறவினர் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் பிரியாணியும் பலகாரமுமாக இருந்துவிட்டு வந்தபோது. இரண்டாம் முறை, இசப்கோல் தீர்ந்து வாங்க மறந்த மாதத்தில். இரண்டு முறையும் மலம் புழுக்கையாகத் தொடங்கியதை அவரே கவனித்து, பயற்றையும் தண்ணீரையும் கூட்டி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்குள் அடக்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் என்னிடம் வர வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். வர வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக வந்தபோது அவர் மனைவிதான் பேசினார். வீட்டில் இப்போது எல்லாருக்கும் காலையில் பயறுதானாம். மகன் மட்டும் ரொட்டி சானாய் கேட்டு அடம்பிடிக்கிறானாம். வாரத்தில் ஒரு நாள் வாங்கிக் கொடுங்கள் என்றேன்.